மொழித் தேர்வில் 76 மதிப்பெண்: வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் அதை எப்படிப் படிப்பது?

கேள்வி: "என் மகனுக்கு ஆறு வயது இரண்டு மாதம். வீட்டில் தமிழ் மட்டும்தான். நாலரை வயதில் ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தோம். போன மாதம் பள்ளியில் ஒரு மொழித் தேர்வு வைத்து 76 வந்திருக்கிறது, மொழிக் குறைபாடு இருக்கலாம், இனி வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசுங்கள் என்கிறார்கள். தமிழில் அவன் வாய் ஓயாமல் பேசுகிறான். யாரை நம்புவது?"

வீட்டு மொழியை நிறுத்தாதீர்கள். மற்றதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியவை என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேச்சு மொழிச் சிகிச்சைத் துறையில் பல வருடங்களாக இருக்கிறேன். பார்த்த குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு மொழிக்காரர்கள். உங்கள் மகனை நான் பார்க்கவில்லை, அதனால் அவனுக்குக் குறைபாடு உண்டா இல்லையா என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்கிறவரை நீங்களும் நம்ப வேண்டாம். அந்த எண்ணை எப்படிப் படிப்பது, அதற்கு மேல் என்னென்ன பார்த்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த வகைத் தேர்வுகளில் நூறு என்பது சராசரி. ஒரே வயதுக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் இருப்பார்கள். 76 என்றால், நூறு பேரை வரிசையாக நிறுத்தினால் கீழிருந்து ஐந்தாவது, ஆறாவது இடம். இன்னொரு நாள் வைத்தால் சில புள்ளிகள் ஏறும், இறங்கும். அது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. கேட்க வேண்டியது, அந்த நூறு பேர் யார் என்பதுதான். ஆங்கிலத்தில் புழங்கும் பெரும்பாலான தேர்வுகளின் சராசரி, பிறந்ததிலிருந்து ஆங்கிலமே பேசி வளர்ந்த குழந்தைகளை வைத்துப் போடப்பட்டது. தேர்வின் கையேட்டில் அதை எழுதியிருப்பார்கள். அந்த வரிசையில் உங்கள் மகனை நிறுத்தினால் கிடைக்கும் இடம் பொய்யில்லை. ஆங்கிலத்தில் அவன் இன்று அங்கேதான் நிற்கிறான். ஆனால் அவனுடைய மூளைக்கு மொழி கற்பதில் சிக்கல் இருக்கிறதா என்பதற்கு அந்த இடம் விடை சொல்லாது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். பள்ளி வருடத்துக்கு ஏறக்குறைய 200 நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 1,200 மணி. இருபது மாதத்துக்கு 2,000 மணி. அதிலும் பாதி நேரம் வரிசையில் நிற்பது, சாப்பிடுவது, படம் வரைவது என்று போய்விடும், அதை விட்டுவிடலாம். ஆங்கிலமே பேசும் வீட்டில் பிறந்த ஆறு வயதுப் பிள்ளை, விழித்திருக்கும் நேரத்தில் அந்த மொழியைக் கேட்டது கிட்டத்தட்ட 27,000 மணி. ஏழு சதவீத நேரத்தில் கற்றதை வைத்து, முழு நேரமும் கற்றவனோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். பெரிய குழந்தை கைக்குழந்தையைவிட வேகமாகப் பிடித்துக்கொள்ளும், அதனால் இந்த ஏழு சதவீதத்தை அப்படியே மதிப்பெண்ணாக மாற்றக் கூடாது. என்றாலும் 76 ஏன் யாரையும் திடுக்கிட வைக்கக் கூடாது என்பது இதிலேயே தெரியும். புது மொழியில் சக பிள்ளைகளோடு சரளமாகப் பேசவே இரண்டு வருடம் வரை ஆகலாம். பாடப் புத்தகத்தின் மொழியில் வயதுக்குரிய நிலையை எட்ட ஐந்திலிருந்து ஏழு வருடம் ஆகலாம் என்று கனடாவில் ஜிம் கம்மின்ஸ் 1980-களின் தொடக்கத்திலேயே எழுதினார். இந்தக் கால அளவு குழந்தைக்குக் குழந்தை மாறும், ஆனால் இருபது மாதம் போதாது என்பதில் துறையில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இன்னொரு விஷயம் இருக்கிறது, பள்ளிகள் அதிகம் தவறுவது இதில்தான். ஆங்கிலமே பேசும் ஒரு குழந்தைக்கு மொழிக் குறைபாடு இருந்தால், அது பளிச்சென்று தெரியும் இடம் வினைச்சொல்லின் வால். 'ஹி வாக்ஸ்' என்பதற்கு 'ஹி வாக்', 'வாக்ட்' என்பதற்கு 'வாக்', 'ஷி இஸ் ஈட்டிங்' என்பதில் 'இஸ்' காணாமல் போவது. ஆகவே தேர்வுகள் அந்த இடத்தையே துருவிப் பார்க்கும். ஆனால் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்கும் ஆரோக்கியமான குழந்தையும் முதல் இரண்டு மூன்று வருடம் இதே வால்களைத்தான் விடும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிழையும் ஒன்றே. கனடாவில் யோஹான் பாரடிஸ் என்ற ஆய்வாளர் இதைத் தொடர்ந்து பதிவு செய்திருக்கிறார். அதனால் 'யெஸ்டர்டே ஐ கோ' என்று உங்கள் மகன் சொல்வதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. குறைபாடு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அப்படியானால் எதை வைத்துச் சொல்வது? இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போகலாம். வளர்ச்சிசார் மொழிக் குறைபாடு என்று இப்போது அழைக்கப்படும் சிக்கல் ஏறக்குறைய ஏழு சதவீதக் குழந்தைகளிடம் இருக்கிறது. இரண்டு மொழி கற்பதால் அது வருவதில்லை, கூடுவதுமில்லை. இருக்கிற குழந்தையிடம் இரண்டு மொழியிலும் தெரியும், ஏனென்றால் சிக்கல் மொழியைக் கற்கும் திறனில் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் குறைபாடு, தமிழில் வயதுக்கேற்ற பேச்சு என்று ஒரு நோய் கிடையாது. ஆக, உங்கள் கேள்வியின் கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, தமிழில் வாய் ஓயாமல் பேசுகிறான் என்று, அதுதான் இந்த விவகாரத்தில் முக்கியமான சாட்சி. ஆனால் 'நிறையப் பேசுகிறான்' என்பதும் 'நன்றாகப் பேசுகிறான்' என்பதும் வேறு. எப்படிப் பேசுகிறான் என்று பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பலர் ஒரு குறுக்கு வழி எடுப்பார்கள். ஆங்கிலத் தேர்வையே தமிழில் மொழிபெயர்த்துக் கேட்டு, அதே அட்டவணையில் மதிப்பெண் போடுவார்கள். இது செல்லாது. ஒரே உதாரணம் போதும். ஆங்கிலத் தேர்வில் இரண்டு செருப்பின் படத்தைக் காட்டி, பன்மை விகுதி போடுகிறானா என்று பார்ப்பார்கள். தமிழில் 'ரெண்டு செருப்பு' என்பதே சரியான பேச்சு. 'செருப்புகள்' என்று வீட்டில் யார் பேசுகிறார்கள்? மொழிபெயர்த்த தேர்வில் அவனுக்குப் பூஜ்யம் விழும், அவன் சொன்னதோ முழுக்கச் சரி. மறுபக்கம், தமிழில் உண்மையிலேயே துருவிப் பார்க்க வேண்டியவற்றை ஆங்கிலத் தேர்வு தொடுவதே இல்லை. யாருக்கு, யாரை, எங்கே என்று காட்டும் வேற்றுமை உருபுகள், 'வந்தான், வந்தாள், வந்துச்சு' என்று எழுவாயோடு ஒட்டும் வினை முடிவுகள், 'போய் எடுத்துட்டு வந்து குடுத்தான்' என்று வினைகளைக் கோக்கும் எச்சங்கள், 'நேத்து வந்த மாமா' போன்ற தொடர்கள் எல்லாம் அப்படி விடுபட்டவை. உருபுகளும் வினை முடிவுகளும் தமிழ்க் குழந்தைகளுக்கு மிகச் சீக்கிரமே கைவருபவை. இரண்டரை வயதிலேயே ஆச்சரியப்படும் அளவுக்குப் பிழையில்லாமல் பேசுவார்கள். ஆறு வயதில் இவற்றில் தொடர்ந்து தடுக்கினால் அதைச் சும்மா விட முடியாது.

ஒரு குழந்தையின் மதிப்பீட்டை முழுதாகச் சொல்கிறேன், அப்போது விளங்கும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆறரை வயதுப் பெண் குழந்தை, வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், இரண்டு வருடம் முடியப் போகிறது. பள்ளி அறிக்கை உங்களுக்கு வந்தது போலத்தான். வகுப்பில் கேட்டதற்கு மட்டும் ஓரிரு சொல்லில் பதில், வாக்கியம் வராது, ஆசிரியைக்குக் கவலை.

முதலில் காது. ஒலிகளை எந்த அளவில் கேட்கிறாள் என்ற சோதனையும், நடுக்காதில் நீர் கோத்திருக்கிறதா என்ற சோதனையும் எடுக்கச் சொன்னேன். சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் தங்கிவிட்ட குழந்தையை 'மொழி வரவில்லை' என்று அனுப்பிவைப்பது அடிக்கடி நடக்கிறது. இது முடியாமல் வேறு எதையும் தொடங்கக் கூடாது. அவளுக்குக் காது சரி.

அப்புறம் அம்மாவோடு ஒரு மணி நேரம். இந்த உரையாடலைத் தேர்வைவிடப் பெரிதாக மதிக்கிறேன். முதல் சொல் எப்போது வந்தது, இரண்டு சொல்லைச் சேர்த்து 'அம்மா வா', 'பால் வேணாம்' என்று எப்போது சொன்னாள், அதே வயதில் அண்ணன் எப்படி இருந்தான், சித்தப்பா பிள்ளைகள் இவளைவிட வேகமா, குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா, படிக்கத் தடுமாறினார்களா, வெளியாட்களுக்கு இவள் தமிழ் புரிகிறதா, ஒரே விஷயத்தைப் பலமுறை சொல்லித்தர வேண்டியிருக்கிறதா. பாரடிஸின் குழு 2010-ல் வெளியிட்ட பெற்றோர் வினாத்தாளும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்கிறது. வீட்டு மொழி எதுவானாலும் கேட்கலாம் என்பது அதன் வசதி. இந்தக் குழந்தை ஒரு வயதுக்குள் சொற்கள் பேசியிருந்தாள், இரண்டு வயதுக்கு முன்பே சொற்களைச் சேர்த்திருந்தாள். பாட்டியிடம் தொலைபேசியில் பள்ளிச் சண்டைகளை வரிசையாகச் சொல்வாள் என்றார் அம்மா. பதினெட்டு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் சொற்களைச் சேர்க்கவில்லை என்று அவர் சொல்லியிருந்தால் என் எண்ணம் அப்போதே வேறு பக்கம் சாய்ந்திருக்கும்.

மூன்றாவதாகக் கதை. ஐரோப்பாவில் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இருமொழிக் குழந்தைகளுக்காகவே உருவாக்கி 2012-ல் வெளியிட்ட கதைக் கருவி ஒன்று இருக்கிறது. மெயின் என்று சுருக்கமாகச் சொல்வோம். நான்கு கதைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு படங்கள். நான்கும் ஒரே எலும்புக்கூட்டில் கட்டப்பட்டவை: யாரோ எதையோ விரும்புகிறார்கள், முயல்கிறார்கள், ஏதோ முடிகிறது. அதனால் ஒரு கதையை ஒரு மொழியிலும், அதற்கு இணையான இன்னொன்றை மற்ற மொழியிலும், வேறு வேறு நாளில் சொல்லச் சொல்லலாம். பறவைக் குஞ்சுகளும் பூனையும் நாயும் வரும் கதையைத் தமிழில் இப்படிச் சொன்னாள்: "அம்மாக் குருவி சாப்பாடு எடுத்துட்டு வரப் போச்சு. அப்போ ஒரு பூனை வந்து குட்டியப் பிடிக்க மரத்துல ஏறுச்சு. நாய் அதப் பாத்துட்டு பூனையோட வாலப் பிடிச்சு புல் பண்ணுச்சு. பூனை பயந்து ஓடிப்போச்சு." நான்கு நாள் கழித்து, ஆட்டுக் குட்டிகளின் கதையை ஆங்கிலத்தில்: "பேபி கோட் இன் வாட்டர். மம்மி கோ. ஃபாக்ஸ் கம். பேர்ட் பைட் டெயில். ஃபாக்ஸ் ரன்."

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் வினைக்கு வாலே இல்லை. ஆனால் ஆபத்து, முயற்சி, முடிவு எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கதை கட்டும் திறன் மொழிக்கு மொழி கூடவே வரும், அது ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. தமிழில் 'குட்டியப் பிடிக்க', 'மரத்துல', 'பூனையோட வால' என்று உருபுகள் அத்தனையும் இடத்தில் இருக்கின்றன. 'பிடிக்க ஏறுச்சு' என்று நோக்கம் சொல்கிறாள், 'பயந்து ஓடிப்போச்சு' என்று காரணம் சொல்கிறாள். 'புல் பண்ணுச்சு' என்று ஆங்கிலம் கலந்ததைப் பள்ளி அறிக்கை 'மொழிக் குழப்பம்' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆங்கில வினையை எடுத்து, தமிழ்த் துணைவினை சேர்த்து, அதற்குச் சரியான காலமும் முடிவும் கொடுத்திருக்கிறாள். இலக்கணம் குழம்பியிருந்தால் இது முடியாது, பெரியவர்கள் நாமே நாள் முழுக்க இப்படித்தானே பேசுகிறோம்.

உண்மையிலேயே குறைபாடு உள்ள குழந்தை அதே வயதில், அதே படங்களுக்கு, தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லும்: "குருவி போச்சு... பூனை மரம்... ஏறு... நாய் வால் பூனை பிடிச்சு... அது ஓடுச்சு." உருபுகள் உதிர்ந்திருக்கும். யார் யாருடைய வாலைப் பிடித்தது என்று கேட்பவரே ஊகிக்க வேண்டும். பூனை ஏன் ஏறியது என்று கேட்டால் 'ஏறுச்சு' என்றே திரும்ப வரும். ஒருமுறை இப்படிச் சொன்னால் கூச்சம் என்று விடலாம். மூன்று சூழலில், பழகிய ஆளிடமும் இப்படியே வந்தால் கூச்சம் என்று சொல்லக் கூடாது.

சொல்வளத்தை நான் ஒரே மொழியில் எண்ணுவதில்லை. நாற்பது படங்கள் காட்டினேன். ஆங்கிலத்தில் 17-க்குப் பெயர் சொன்னாள். இன்னொரு நாள் அதே படங்களுக்குத் தமிழில் 22. இரண்டு மொழியிலும் சொன்னவை எட்டு. அதாவது ஏதாவது ஒரு மொழியில் தெரிந்த பொருள்கள் 31. முக்கோணம், அளவுகோல் போன்றவை ஆங்கிலத்தில் மட்டும் தெரிந்தன, முழங்கை, நிழல், மூடி போன்றவை தமிழில் மட்டும். எதை எங்கே பார்த்தாளோ அங்கே பேசும் மொழியில் சொல் இருக்கிறது, அவ்வளவுதான். பதினேழை மட்டும் பார்த்தால் பயமாக இருக்கும், முப்பத்தொன்றைப் பார்த்தால் பயம் போய்விடும். ஆனால் இதற்கும் ஒரு வரம்பு உண்டு. இப்படிக் கூட்டி எண்ணியதை ஒருமொழி அட்டவணையில் வைத்து மதிப்பெண் ஆக்கக் கூடாது. சொற்கள் எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று இது காட்டும், இலக்கணத்தைப் பற்றி எதுவும் சொல்லாது.

அடுத்தது அர்த்தமில்லாத சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. எந்த மொழியிலும் இல்லாத, ஆனால் பெரும்பாலான மொழிகளில் உள்ள எளிய ஒலிகளால் ஆன 'டிபு', 'மலிகு', 'லுமிகாடு' மாதிரி. கேட்ட ஒலியை மனதில் பிடித்துவைக்கும் திறனை இது பார்க்கிறது, மொழிக் குறைபாடு உள்ள குழந்தைகள் நீண்டவற்றில் சறுக்குவார்கள். யாருக்கும் முன்பே தெரியாத சொல் என்பதால் வீட்டு மொழியின் சாதக பாதகம் குறையும். குறையுமே தவிர, இல்லாமல் போகாது. இந்தக் குழந்தை இரண்டு, மூன்று அசைகளைச் சரியாகச் சொன்னாள், நான்கு அசையில் சிலவற்றைத் தவறவிட்டாள். இதை நான் 'சந்தேகம்' என்ற பக்கத்தில் குறித்துவைத்தேன்.

கடைசியாக, எனக்கு அதிக நம்பிக்கை உள்ள முறை: சோதி, கற்பி, மறுபடி சோதி. ஒரு குழந்தைக்கு இன்று என்ன தெரியும் என்பது அது இதுவரை எதைக் கேட்டது என்பதைப் பொறுத்தது. சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்பது கற்கும் திறனைக் காட்டும். அவளுக்கு ஆங்கிலத்தில் அரை அரை மணி நேரம் இரண்டு அமர்வு எடுத்தேன். நேற்று நடந்ததைச் சொல்ல வினையை எப்படி மாற்றுவது என்று விளையாட்டாகச் செய்தோம்: பொம்மை குதித்தது, குதித்து முடித்தது, என்ன செய்தது? இரண்டாம் அமர்வின் நடுவிலேயே 'ஜம்ப்ட்' என்றாள். சொல்லித்தராத 'வாஷ்ட்' தானாக வந்தது. 'கோ' என்பதை 'கோட்' என்று ஆக்கினாள். அது பிழைதான், ஆனால் நான் எதிர்பார்த்துக் காத்திருந்த பிழை. விதியைப் பிடித்துக்கொண்டுவிட்டாள், அளவுக்கு மீறியே பயன்படுத்துகிறாள். ஒரு வாரம் கழித்தும் அது நின்றது. எனக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டது, கவனம் எவ்வளவு நேரம் நின்றது, புதிய இடத்துக்குத் தானாகக் கொண்டுபோனாளா என்பதையும் எழுதிவைத்தேன். குறைபாடு உள்ள குழந்தையோடு இதே ஒரு மணி நேரம் இருந்தால், நான் ஒவ்வொரு முறையும் தூக்கிவிட வேண்டியிருக்கும். சொல்லித்தந்த சொல்லில் வரும், அடுத்த சொல்லுக்குத் தாண்டாது, மறுவாரம் போன இடம் தெரியாது.

எல்லாவற்றையும் சேர்த்து நான் எழுதிய முடிவு: மொழிக் குறைபாட்டுக்குச் சான்று இல்லை, ஆங்கிலம் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறாள், வகுப்பில் அதற்கான உதவி வேண்டும். நான்கு அசையில் சறுக்கியதால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், வாசிப்பு தொடங்கும்போது ஒலிகளைப் பிரித்துச் சேர்ப்பதில் தடுமாறுகிறாளா என்று ஆசிரியை கவனிக்க வேண்டும்.

இப்போது சந்தேகமான இடத்துக்கு வருகிறேன். மேலே சொன்னது எல்லாம் வீட்டு மொழி உயிரோடு இருக்கிறது என்ற அடிப்படையில் நிற்கிறது. பள்ளி தொடங்கி இரண்டு மூன்று வருடத்தில் பல குழந்தைகள் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள், பெற்றோர் தமிழில் கேட்க, பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வான். அப்படிப்பட்டவனிடம் தமிழ் உருபுகள் உதிர்ந்திருந்தால், அது குறைபாடா, பயன்படுத்தாததால் தேய்ந்ததா என்று ஒருமுறை பார்த்துச் சொல்வது கடினம். இரண்டு மொழியிலும் குறைவாகத் தெரிவான், ஆனால் காரணம் வேறாக இருக்கலாம். அங்கே நான் நம்புவது மூன்றை: பள்ளிக்கு முந்தைய பேச்சு வளர்ச்சி, அதே வீட்டில் அதே அளவு தமிழ் கேட்டு வளர்ந்த உடன்பிறப்பு அல்லது ஒன்றுவிட்ட சகோதரப் பிள்ளைகளோடு ஒப்பீடு, மேலே சொன்ன கற்பித்துப் பார்க்கும் முறை. உங்கள் மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று நீங்கள் எழுதியதிலிருந்து தோன்றுகிறது.

மொழிபெயர்ப்பாளர் வைத்துச் சோதிக்கும்போதும் ஒரு குழி இருக்கிறது. பிள்ளை 'பையன் நாய் குடுத்தான்' என்று சொல்லும், உதவிக்கு வந்தவர் நல்லெண்ணத்தில் 'பையன் நாய்க்குக் கொடுத்தான் என்கிறான்' என்று சரிசெய்து சொல்லிவிடுவார். தேட வந்த 'க்கு' அங்கேயே மறைந்துவிட்டது. பெற்றோரும் இதைச் செய்வார்கள், தங்களுக்கே தெரியாமல். அதனால் நான் எப்போதும் ஒலிப்பதிவு எடுத்து, சொன்னதைச் சொன்னபடியே எழுதித்தரச் சொல்வேன். உங்கள் மகனின் தமிழைச் சோதிக்கும்போது நீங்கள் அறையில் இருக்கலாம், உதடு அசையக் கூடாது.

எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 'இரண்டு மொழி அல்லவா, தானாக வந்துவிடும், இரண்டு வருடம் பாருங்கள்' என்று அனுப்பப்பட்டு, எட்டு ஒன்பது வயதில் வாசிக்கவும் முடியாமல், சொன்னது புரியாமல் வந்து நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். காத்திருப்பதும் ஒரு முடிவுதான், அதற்கும் ஆதாரம் வேண்டும். தமிழும் தாமதமாக வந்தது, இளையவன் இவனைவிட நன்றாகப் பேசுகிறான், உறவினர்களுக்கே இவன் சொல்வது புரிவதில்லை என்றால், ஆங்கிலம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டில் ஆங்கிலத்துக்கு மாறச் சொன்ன அறிவுரைக்கு ஆய்வு ஆதாரம் இல்லை. குறைபாடு உறுதியான குழந்தைகளிலும், வீட்டு மொழியை நிறுத்தியதால் பள்ளி மொழி சிறந்தது என்று காட்டப்படவில்லை. குறைபாடுள்ள பிள்ளைகளும் இரண்டு மொழி கற்க முடியும், மெதுவாக. தவிர, தமிழில்தான் உங்களால் 'அவன் ஏன் அப்படிச் செய்தான்னு நினைக்கிற?' என்று பத்து நிமிடம் வளர்க்க முடியும். பழகாத மொழிக்கு மாறினால் வீட்டுப் பேச்சு 'கம், ஈட், ஸ்லீப்' என்று சுருங்கிவிடும், பிள்ளைக்குக் கிடைக்கும் மொழி மொத்தமாகவே குறையும்.

இது புதிய வாதமும் இல்லை. கலிஃபோர்னியாவில் வீட்டில் ஸ்பானிஷ் பேசிய குழந்தைகளை ஆங்கில அறிவுத் தேர்வு வைத்து மனவளர்ச்சி குன்றியவர்கள் என்ற வகுப்பில் போட்டதை எதிர்த்து வழக்கு நடந்தது. டயானா வழக்கு என்பார்கள். அவர்கள் மொழியிலும் சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்புக்கு மேலே வந்தார்கள். 1970-ல் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது, குழந்தையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்பதை மாநிலம் ஏற்றது. அரை நூற்றாண்டு தாண்டியும் ஒரே மொழியில் எடுத்த ஒற்றை எண்ணோடு பெற்றோர் என்னிடம் வருகிறார்கள்.

பள்ளியோடு சண்டைக்குப் போகாமல், எழுத்தில் நான்கு கேள்வி கேளுங்கள். எந்தத் தேர்வு, அதன் சராசரி எந்தக் குழந்தைகளை வைத்துப் போடப்பட்டது? அவனுடைய இருபது மாத ஆங்கிலப் பழக்கத்தை முடிவில் எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்? தமிழ் தெரிந்த ஒருவரைக் கொண்டு தமிழில் என்ன பார்த்தீர்கள்? கற்பித்து மறுபடி பார்த்தீர்களா? தமிழில் எதுவும் பார்க்கவில்லை என்று பதில் வந்தால், மதிப்பீடு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். அதை முடிக்கச் சொல்லிக் கேட்கலாம். பதில் வருவதற்குள் காதுச் சோதனையை முடித்துவிடுங்கள். வீட்டில் அவன் தன் போக்கில் ஏதாவது ஒரு நிகழ்ச்சியைச் சொல்வதை ஐந்து நிமிடம் தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள், திருத்தாமல், இடையில் எடுத்துக்கொடுக்காமல். படம் பார்த்துக் கதை சொல்லப் பழக்க வேண்டாம், பழக்கினால் சோதனை கெட்டுவிடும். முதல் சொல், இரண்டு சொல் சேர்த்தது எல்லாம் எந்த மாதத்தில் என்று பழைய காணொளிகளைப் பார்த்துத் தேதி குறித்து வைத்தால், பார்க்கப்போகும் நிபுணருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.